வீட்டில் சி.ஏ.பி.டி.: பை மாற்றுவது, தண்ணீர் கலங்குவது, முறையைக் கற்றுக்கொள்வது

சி.ஏ.பி.டி. என்ற முறையில் வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் அவர்கள் வீட்டாரும் பயிற்சி நாட்களில் கேட்பவை, ஊருக்குப் போன பிறகு போன் போட்டுக் கேட்பவை இவை. பி.டி. நர்ஸாக இருந்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். இரண்டு லிட்டர் இரட்டைப் பையைக் கையால் மாற்றுபவர்களுக்கானது இது. இரவில் மெஷின் போடுபவர்களுக்கு இணைக்கும் முறை கொஞ்சம் மாறும்.

ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை பை மாற்றுகிறோம். இதில் எந்த இடத்தில்தான் கிருமி உள்ளே போகிறது?

வயிற்றிலிருந்து வெளியே வரும் ட்யூபின் நுனியில் ஒரு நீட்டிப்புக் குழாய் இருக்கிறது அல்லவா, ட்ரான்ஸ்ஃபர் செட் என்போம். அதன் வாயை மூடியிருக்கும் சின்ன மூடிதான் மினிகேப், உள்ளே அயோடின் நனைத்த பஞ்சு இருக்கும். அந்த மூடியைத் திருகி எடுத்ததிலிருந்து புதுப் பையின் குழாயை மாட்டும் வரை நாலைந்து வினாடி அந்த வாய் திறந்து கிடக்கிறது. கடைசியில் பையைக் கழற்றிப் புது மூடி போடும்போது இன்னொரு நாலைந்து வினாடி. கையால் வரும் தொற்றுக்கு வாசல் இந்த இரண்டு தருணம்தான். விரல் நுனி, சட்டைக் கை, மேஜை விளிம்பு, வாயிலிருந்து தெறிக்கும் எச்சில் என்று எது பட்டாலும், தோலில் சாதாரணமாக வாழும் கிருமி அந்த முனையில் ஒட்டிக்கொண்டு அடுத்து ஓடும் தண்ணீரோடு நேராக வயிற்றுக்குள் இறங்கிவிடும்.

வேறு வழிகளும் உண்டு. ட்யூப் தோலை விட்டு வெளிவரும் இடத்தில் சீழ் பிடித்தால் அது ட்யூபை ஒட்டியே உள்ளே போகலாம், குடலிலிருந்தும் வரலாம். ஆனால் உங்கள் கையில் இருப்பது, உங்களால் முழுசாகத் தடுக்க முடிவது, அந்தச் சில வினாடிகள்தான்.

அப்படியானால் பையை எப்படி மாற்ற வேண்டும், வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் இடம். கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு மேஜையைத் துடைத்துக் காய விடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். பையைப் பிரிக்கும் முன்பே தேதி, சர்க்கரைச் சதவீதம் (1.5-ஆ 2.5-ஆ 4.25-ஆ), அளவு மூன்றையும் பாருங்கள், வெளி உறையைப் பிரித்ததும் அழுத்திப் பார்த்து ஒழுகுகிறதா, உள்ளே தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். உடல் சூட்டுக்குக் கொண்டுவர ஹீட்டிங் பேட் அல்லது அதற்கென்றே இருக்கும் வார்மர் போதும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பையை முக்குவது வேண்டவே வேண்டாம், வாய்ப்பகுதியில் ஈரம் தங்கி அதுவே கிருமிக்கு வழியாகும். மைக்ரோவேவும் வேண்டாம், ஒரு பக்கம் கொதித்து இன்னொரு பக்கம் ஜில்லென்று இருக்கும்.

மாஸ்க் கட்டிக்கொண்டு, மினிகேப் பாக்கெட்டையும் க்ளாம்ப்களையும் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்து, ட்ரான்ஸ்ஃபர் செட்டை உடைக்கு வெளியே எடுத்து வைத்த பிறகுதான் கை கழுவ வேண்டும். கழுவிய பிறகு எதையோ தேடி அலமாரியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. புதுப் பையை மேலே தொங்கவிட்டு, காலிப் பையைத் தரையில் சுத்தமான தட்டில் போட்டு, முதலில் பையின் குழாயில் இருக்கும் வளையத்தை இழுங்கள், உடனே மினிகேப்பைத் திருகி எடுங்கள், உடனே இரண்டையும் மாட்டுங்கள். அந்த நேரத்தில் பேச்சு கிடையாது, போன் அடித்தாலும் கிடையாது.

மாட்டியதும் ட்ரான்ஸ்ஃபர் செட்டின் திருகைத் திறந்தால் வயிற்றுத் தண்ணீர் கீழே வடியும், பதினைந்து இருபது நிமிடம் ஆகும். வடிந்து முடிந்ததும் திருகை மூடிவிட்டு, மேல் பையின் அடைப்பை உடைத்து, புதுத் தண்ணீரை மெதுவாக ஐந்து எண்ணும் வரை நேராகக் கீழ்ப் பைக்கு ஓடவிட்டு, கீழ்க் குழாயில் க்ளாம்ப் போடுங்கள். இப்போது திருகைத் திறந்தால் பத்து நிமிடத்தில் வயிறு நிரம்பும். நிரம்பியதும் திருகை மூடி, மேல் குழாயிலும் க்ளாம்ப் போட்டு, கையை மறுபடி சுத்தம் செய்து, புது மினிகேப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு பையைக் கழற்றி மூடி போடுங்கள். பழைய மூடியைத் திரும்பப் போடவே கூடாது.

நல்ல தண்ணீரைக் கொஞ்சம் வீணாகக் கீழ்ப் பைக்கு ஓடவிடச் சொல்கிறீர்களே, எதற்கு?

அந்த ஐந்து வினாடிதான் இந்த முறையின் உயிர். மாட்டும்போது எங்கேயாவது ஒரு கிருமி ஒட்டியிருந்தால் அது இணைப்புக்குப் பக்கத்தில்தான் இருக்கும். முதலில் வயிற்றுத் தண்ணீர் வெளியே வரும்போது கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும், அப்புறம் புதுத் தண்ணீர் குழாயைக் கழுவி மீதியையும் குழாயில் நிற்கும் காற்றையும் கீழ்ப் பையில் தள்ளிவிடும். அதற்குப் பிறகுதான் வயிற்றுக்குள் தண்ணீர் போகிறது.

இந்தச் சிகிச்சை தொடங்கிய 1970-களின் கடைசியில் இப்படி இல்லை. ஒரே பைதான். வயிற்றில் தண்ணீரை விட்டுவிட்டு காலிப் பையைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்து, அதிலேயே வடித்து, பிறகு புதுப் பையை மாட்டி உடனே உள்ளே விடுவார்கள். ஒட்டிய கிருமி எல்லாம் நேராக உள்ளே. 1980-களில் இத்தாலியில் ஒய் வடிவக் குழாயைக் கொண்டுவந்து, கழுவிவிட்டு நிரப்பும் முறை வந்த பிறகுதான் பெரிடோனைட்டிஸ் என்ற வயிற்றுச் சவ்வுத் தொற்று பெரிய அளவில் குறைந்தது. அதனால் பழகிவிட்டது என்று இந்த ஒரு படியைத் தாவாதீர்கள்.

கை கழுவுவதில் அப்படி என்ன இருக்கிறது? மாஸ்க் கட்டாயமா?

மோதிரம், வளையல், வாட்ச் கழற்றி, நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டு விரல் இடுக்கு, கட்டை விரல், நுனி எல்லாம் தேய்க்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் தப்பு நடப்பது அதற்குப் பிறகு. ஒன்று, கழுவிய கையாலேயே தண்ணீர்க் குழாயை மூடுவது. வீட்டில் குழாய் இல்லை, வாளித் தண்ணீர்தான் என்றால் இன்னொருவர் ஊற்றட்டும், கழுவிய கையால் மக்கைத் தொட வேண்டாம். இரண்டு, ஈரக் கையை முந்தானையிலோ லுங்கியிலோ துடைப்பது. மூன்று, துடைக்காமலே மாட்டுவது. ஈரக் கையிலிருந்து ஒரு சொட்டு விரல் வழியே இறங்கி முனைக்கு வந்தால் கழுவியதே வீண். சுத்தமான டிஷ்யூ தாளில் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு ஆல்கஹால் கைத்திரவம் தேய்த்து, அதுவும் காயும் வரை பொறுங்கள். கை பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் ஆல்கஹால் மட்டுமேகூடப் போதும் என்றுதான் சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது. தண்ணீர் மோசமான ஊரில் இது பெரிய உதவி.

மாஸ்க் தொற்றைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. இருந்தாலும் நான் போடச் சொல்வேன், சளி, இருமல் இருக்கும்போது கண்டிப்பாக. சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்காருவது கொடுமைதான். அதனால் தண்ணீர் வடியும் இருபது நிமிடம் ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள், கழற்றும் முன் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். தொடங்கும் முன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிடுங்கள். பூனை, நாய் அறைக்குள்ளேயே வரக் கூடாது, குழாயைக் கடித்தால் அதன் வாய்க் கிருமியே உள்ளே போய்விடும்.

முனை கையில் பட்டுவிட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு மாட்டலாமா?

கூடாது. பட்டது பையின் குழாய் முனை என்றால் அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பை எடுங்கள், அவ்வளவுதான். ஒரு பை போனதே என்று யோசிக்காதீர்கள். பட்டது உங்கள் ட்ரான்ஸ்ஃபர் செட்டின் முனை என்றால், திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்து, புது மினிகேப் போட்டுவிட்டு, தண்ணீர் எதுவும் உள்ளே விடாமல் சென்டருக்குப் போன் செய்யுங்கள். அங்கே செட்டை மாற்றிவிடுவார்கள். தெரியாமல் தண்ணீரையும் உள்ளே விட்டுவிட்டீர்கள், அல்லது செட்டே கழன்று ட்யூப் திறந்து கிடந்தது என்றால் செட் மாற்றுவதோடு முன்கூட்டியே ஆன்ட்டிபயாட்டிக்கும் தேவைப்படும். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். அன்றைக்கே சொன்னால் ஒரு டோஸில் முடிகிற காரியம், மூன்று நாள் கழித்து வந்தால் இரண்டு மூன்று வார வைத்தியம்.

தண்ணீர் கலங்கலா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாதாரணமாக வடிந்த தண்ணீர் வெளிர் மஞ்சளாக, ஆனால் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். மஞ்சள் நிறம் பிரச்சினை இல்லை, ராத்திரி முழுக்க உள்ளே இருந்தது இன்னும் கொஞ்சம் அடர் மஞ்சளாக வரும். பார்க்க வேண்டியது தெளிவைத்தான். வீட்டில் தினசரி காலண்டர் தாள் இருக்குமே, அன்றைய தாளை மேஜையில் வைத்து, வடிந்த பையை அதன் மேல் படுக்க வைத்து, கீழே இருக்கும் ராசிபலனைப் படித்துப் பாருங்கள். அந்தப் பொடி எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. மங்கலாக, புகை மூடிய மாதிரி இருந்தால், அல்லது தெரியவே இல்லை என்றால் அது கலங்கல். பகல் வெளிச்சம் அல்லது நல்ல ட்யூப்லைட் வேண்டும். மஞ்சள் குண்டு பல்பில் ஏமாந்துவிடுவோம்.

ஒவ்வொரு பையையும் பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் கழிவறையில் ஊற்ற வேண்டும். சர்க்கரையால் கண் மங்கியவர்கள் வடிந்த பையை வைத்திருந்து வீட்டில் வேறு ஒருவரிடம் காட்டட்டும். சில நேரம் வலி முதலில் வந்து அந்தப் பை தெளிவாக இருக்கும், அடுத்த பையில் கலங்கும். ஆகவே வயிற்று வலி வந்தால் பை தெளிவாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிட வேண்டாம், அப்போதே சொல்லுங்கள்.

வெள்ளை நூல் மாதிரி மிதக்கிறது, சில நேரம் சிவப்பாக வருகிறது. அதுவும் தொற்றா?

நூல் மாதிரி, பஞ்சு மாதிரி மிதப்பது ஃபைப்ரின் என்ற புரதம். சுற்றி இருக்கும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அவசரம் இல்லை, ஆனால் குழாயை அடைக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுங்கள், பையில் ஹெப்பாரின் சேர்க்கச் சொல்வார்கள். மாதவிடாய் நாட்களில் லேசான சிவப்பு வருவது உண்டு. பால் மாதிரி வெள்ளையாக வருவதற்கு சில பிரஷர் மாத்திரைகள்கூடக் காரணமாகலாம், லெர்கானிடிபைன் அதில் பேர் போனது. இவற்றையெல்லாம் நான் சொல்வது நீங்களே முடிவு செய்துகொள்வதற்காக அல்ல. எழுத்து தெரியவில்லை என்றால், டெஸ்ட் பார்த்துச் சொல்லும் வரை அது பெரிடோனைட்டிஸ்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஒன்பதரைக்குக் கலங்கி வந்தது. காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. காலையில் வரலாமா?

வேண்டாம், அப்போதே கிளம்புங்கள். காய்ச்சலே இல்லாமல் பெரிடோனைட்டிஸ் வருவது சகஜம். கலங்கிய பையை க்ளாம்ப் போட்டு, குழாயோடு அப்படியே ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள், தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். இன்னொன்று, மெடிக்கலில் ஆன்ட்டிபயாட்டிக் வாங்கி ஒன்று போட்டுக்கொண்டு வராதீர்கள். கிருமி அரைகுறையாக அடிபட்டுவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் எதுவும் வளராது, எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.

தையல் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் தொற்றே இல்லாமல் இருந்தவர். ஒரு நாள் ராத்திரி, வயிறு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, காலண்டர் எழுத்து தெரியவில்லை என்று போன் செய்தார். பையோடு அன்றைக்கே வந்துவிட்டார். அதில் வெள்ளணு 1,850, அதில் 88 சதவீதம் நியூட்ரோஃபில் என்ற வகை. உள்ளே குறைந்தது இரண்டு மணி நேரம் இருந்த தண்ணீரில் நூறுக்கு மேல் வெள்ளணு, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்றாலே தொற்று என்று எடுத்துக்கொள்வோம். கல்ச்சருக்கு ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலேயே அந்தத் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்று இரவே பையில் வான்கோமைசினும் செஃப்டாசிடிமும் சேர்த்து உள்ளே விட்டோம். மூன்றாம் நாள் எண்ணிக்கை 240, ஐந்தாம் நாள் 40, எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கல்ச்சரில் வந்தது தோலில் இருக்கும் சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸ். இரண்டு வாரம் மருந்து முடித்தார்.

தோல் கிருமி என்றாலே கை எங்கேயோ தொட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அவரை உட்கார வைத்து, நான் எதுவும் பேசாமல், வீட்டில் செய்கிற மாதிரியே செய்யச் சொன்னேன். கை கழுவியது அருமை, இடம் அருமை. ஆனால் வளையத்தை இழுக்கும் முன்பே மினிகேப்பைத் திருகி எடுத்துவிட்டார். திறந்த முனையைச் சுண்டு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, இறுக்கமாக இருந்த வளையத்தை இரண்டு கையாலும் இழுத்தார். அந்த முனை உள்ளங்கையை உரசியது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. பயிற்சியில் சரியாகத்தான் கற்றிருந்தார், மாதக் கணக்கில் செய்யச் செய்ய வரிசை தானாக மாறிவிட்டது. முதலில் வளையம், அப்புறம் மூடி என்று மறுபடி பழக்கினோம்.

தொற்று வந்தால் ட்யூபை எடுத்துவிடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. சரியான மருந்து கொடுத்தும் ஐந்து நாளில் தண்ணீர் தெளியவில்லை என்றால் எடுக்கத்தான் வேண்டும், வயிற்றுச் சவ்வைக் காப்பாற்ற அதுதான் வழி. பூஞ்சைத் தொற்று என்றால் ஐந்து நாள்கூடப் பொறுப்பதில்லை, உடனே எடுப்பார்கள். ஆன்ட்டிபயாட்டிக் ஓடும்போது கூடவே பூஞ்சைக்கும் மருந்து தருவது இதனால்தான், நான்தான் ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறேனே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

மலச்சிக்கலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குடல் சரியாக நகராவிட்டால் உள்ளே இருக்கும் கிருமி குடல் சுவரைத் தாண்டி வயிற்றுத் தண்ணீருக்கு வர வாய்ப்பு கூடும், ட்யூபும் சரியாக வடியாது. பொட்டாசியம் குறைந்தாலும் குடல் மந்தமாகும். எனவே இரண்டு நாள் போகவில்லை என்றால் சொல்லுங்கள். பல் பிடுங்குவது, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது இவற்றுக்கு முன்பும் பி.டி. செய்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், முன்கூட்டி மருந்து தருவார்கள். ட்யூப் வெளிவரும் இடத்தில் தினமும் சுத்தம் செய்து, எழுதிக்கொடுத்த ஆன்ட்டிபயாட்டிக் களிம்பு தடவுங்கள், கிணறு, குளம், ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம்.

அம்மாவுக்கு 68 வயது, எழுதப் படிக்கத் தெரியாது. அவரே கற்றுக்கொள்ள முடியுமா?

கண்ணும் கை நிதானமும் இருந்தால் முடியும். படிப்பு தடையே இல்லை. படியை எழுதிக்கொடுப்பதற்குப் பதில் படம் ஒட்டலாம், பையின் பலத்தை நிறத்தை வைத்து அடையாளம் காட்டலாம். ராசிபலன் படிக்கத் தெரியாது என்றால், எழுத்தின் கோடுகள் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். கை நடுக்கம், விரல் மரத்துப்போவது, பார்வை மங்கல் இருந்தால் மருமகளோ மகனோ செய்வதுதான் பாதுகாப்பு. ஆனால் செய்யப்போகிறவர் யாரோ அவரே வந்து முழுப் பயிற்சி எடுக்க வேண்டும். நான் வீட்டில் போய் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன் என்று பயிற்சிக்கு வந்த வேறொருவர் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை, கைமாறும்போது ஒரு படி விழுந்துவிடும்.

நான் நர்ஸ். புதிதாக பி.டி. பயிற்சி கொடுக்கப் போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ், அமைதியான அறை. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டாதீர்கள், யூரியா உடம்பில் ஏறியிருப்பவருக்குக் கவனம் சீக்கிரம் சோர்ந்துவிடும், நடுநடுவே இடைவெளி கொடுங்கள். முதலில் எது சுத்தம், எது கிருமியற்றது, எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்பதைப் புரியவையுங்கள். இணைப்பு முனையைக் கையில் கொடுத்து, தொடக் கூடாத இடத்தை அவர் விரலாலேயே சுட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு முறை நீங்கள் பேசாமல் செய்துகாட்டுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்தால் இரண்டும் அரைகுறையாகும். அடுத்த முறை நீங்கள் செய்ய அவர் சொல்லட்டும், அதற்கடுத்து அவர் செய்யச் செய்யச் சொல்லட்டும். இணைப்பது, கழற்றுவது இரண்டையும் மட்டும் தனியாக எடுத்து, ட்யூப் தைத்த ஏப்ரனில் திரும்பத் திரும்பப் பழக்குங்கள். தப்பு செய்யும்போது உடனே கையை நிறுத்துங்கள், முடித்த பிறகு சொன்னால் தப்பும் சேர்ந்தே பழகிவிடும். வீட்டுக்கு அனுப்பும் முன் சிக்கலைக் கொடுத்துப் பாருங்கள்: பாலில் நீர் கலந்து கலங்கல் பை ஒன்று, தெளிந்த பை ஒன்று வைத்து எது எது என்று கேளுங்கள், மூடி கீழே விழுந்துவிட்டது, என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சொல்வதைவிடச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

அத்தோடு விட்டுவிடக் கூடாது. மூன்று மாதம் கழித்து ஒரு முறை, ஒவ்வொரு தொற்றுக்குப் பிறகும், ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் படுத்து எழுந்த பிறகும், பார்வையோ கையோ மாறினாலும், வேறு கம்பெனிப் பைக்கு மாறினாலும் மறுபடி செய்யச் சொல்லிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சி.ஏ.பி.டி. பைகள் வீட்டுக்கே வருகின்றன. அதனால் நோயாளி சென்டர் பக்கம் வராமலே மாதங்கள் ஓடலாம். முடிந்தால் வீட்டுக்கே ஒரு முறை போய்ப் பாருங்கள், சென்டரில் சரியாகச் செய்பவர் வீட்டில் வாஷ்பேசினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் எந்தக் கதவுத் தாழ்ப்பாளைத் தொடுகிறார் என்பது அங்கே போனால்தான் தெரியும்.